பூச்சியம் காட்டின வெங்காயக் கணக்கு

ஒரு விரிதாளைத் திறந்த உடனே அது துடைச்சு வைச்ச மாதிரிப் பளிச்செண்டு இருந்தா, எனக்கு இப்ப சந்தோசம் வாறதில்லை. சந்தேகம்தான் வருது.

ஏன் எண்டு சொல்லுறன்.

அளவெட்டியில எங்கட பக்கம் சின்ன வெங்காயம் செய்யிற ஆக்கள் கொஞ்சப்பேர், தனித்தனியாச் சுன்னாகச் சந்தைக்குக் கொண்டு ஓடாமல், ஒரு இடத்தில நிறுத்துச் சேர்த்து மொத்தமா விக்கினம். சாக்கை நிறுக்கிறது, துண்டு எழுதிக் குடுக்கிறது, பின்னேரம் எக்ஸலில ஏத்துறது, கிழமை முடிவில ஆக்களின்ர வங்கிக் கணக்குக்குக் காசு போடுறது. இதுதான் நடைமுறை. எக்ஸல் அலுவல் பாக்கிறது பக்கத்து ஒழுங்கைத் தம்பி ஒராள். நல்ல கெட்டிக்காரன், பள்ளிக்கூடத்தில ஐசிடி படிச்சவர், எல்லாம் கெதியாச் செய்வார்.

போன கிழமை ஒரு ஆச்சி வந்து சொன்னா:

"மோனை, நான் குடுத்தது ரெண்டு சாக்கு. காசு வந்தது ஒண்டுக்குத்தான். கணினி பிழை விடாதெண்டு தம்பி சொல்லுது. அப்ப நான் பொய் சொல்லுறனே?"

அவவின்ர கையில ரெண்டு துண்டும் இருந்தது. ஒண்டு 48 கிலோ, மற்றது 52 கிலோ.

எனக்கு வந்த கோவம் தம்பியில இல்லை. ஷீட்டைத் திறந்து பாத்தா, ஒரு நிரல் முழுக்க இந்த ஃபோர்முலா:

```
=IFERROR(VLOOKUP(D2,Vilai!$A$2:$B$4,2,FALSE)*E2,0)
```

இணையத்தில எக்ஸல் சொல்லிக் குடுக்கிற வீடியோ கனக்க இதைத்தான் சொல்லிக் குடுக்குது. "எரர் வராமல் வடிவா இருக்கோணுமா? IFERROR போடுங்கோ." அவ்வளவுதான். அது என்னத்தை மறைக்குது எண்டு ஒருத்தரும் சொல்லுறதில்லை. கோவம் அதிலதான்.

தெரியாத ஆக்களுக்குச் சுருக்கமா: D நிரலில தரம் (A, B, C). E நிரலில கிலோ. Vilai எண்ட ஷீட்டில ஒவ்வொரு தரத்துக்கும் விலை. VLOOKUP போய் விலையை எடுத்து வரும், கிலோவால பெருக்கும், தொகை வரும். இதில ஏதாவது பிழைச்சா IFERROR குறுக்க வந்து 0 எண்டு போடும்.

"ஏதாவது" எண்ட இடத்திலதான் வில்லங்கம்.

எக்ஸலில எரர் எண்டா ஒரு சாதி இல்லை. தேடினது கிடைக்கேல்லை எண்டா `#N/A`. எழுத்தைப் பிடிச்சுப் பெருக்கச் சொன்னா `#VALUE!`. ஃபோர்முலா காட்டின செல்லை ஆரும் அழிச்சுப்போட்டினம் எண்டா `#REF!`. ஃபங்ஷன் பேரையே பிழையா எழுதினா `#NAME?`. பூச்சியத்தால பிரிச்சா `#DIV/0!`. ஒவ்வொண்டும் ஒவ்வொரு இடத்தைக் கை காட்டும். IFERROR இது எல்லாத்தையும் பிடிச்சு ஒரே பதிலாக்கிப்போடும். VLOOKUP எண்டதை VLOKUP எண்டு எழுதிப்போட்டு IFERROR-ஆல மூடிப் பாருங்கோ. ஒரு சத்தமும் இல்லாமல் 0 வரும். அப்பிடி ஒரு ஃபங்ஷனே கிடையாது, எண்டாலும் பதில் வரும்!

சரி, ஆச்சியின்ர சாக்குக்கு என்ன நடந்தது?

அண்டைக்கு ஏத்தின நிரைகளில ஒரு அஞ்சை மட்டும் எடுத்துக் காட்டுறன். (விலை விளக்கத்துக்கு நான் போட்டது: A 300 ரூபா, B 240, C 150. உண்மையான விலையை எழுதினா இதுக்குக் கீழ விலைச் சண்டைதான் நடக்கும்.)

முதல் நிரை, A, 48 கிலோ. 14,400 ரூபா. சரி.

ரெண்டாவது, B, 50 கிலோ. 12,000 வந்திருக்கோணும். வந்தது 0.

மூண்டாவது, A, 52 கிலோ. 15,600 வரோணும். வந்தது 0. இதுதான் ஆச்சியின்ர மற்றச் சாக்கு.

நாலாவது, C, 40 கிலோ, 6,000. அஞ்சாவது, A, 60 கிலோ, 18,000. ரெண்டும் சரி.

கீழ கூட்டுத்தொகை 38,400. உண்மையில இருக்கவேண்டியது 66,000. அஞ்சு நிரையில 27,600 ரூபா காணாமல் போச்சுது. ஷீட்டில ஒரு சிவப்பு இல்லை, ஒரு `#` இல்லை.

IFERROR-ஐக் கழட்டிப்போட்டு விட்டன். ரெண்டாவது நிரையில `#N/A` வந்திது. மூண்டாவதில `#VALUE!` வந்திது. அவ்வளவுதான் தேவை. `#N/A` எண்டா தேடல் பிழைச்சிருக்கு, அப்ப D-யைப் பார். D3-க்குள்ள போய்ப் பாத்தா "B"க்குப் பின்னால ஒரு இடைவெளி. கண்ணுக்குத் தெரியாது. `=LEN(D3)` போட்டா 2 எண்டு வருது, ஓரெழுத்துக்கு 2! `#VALUE!` எண்டா பெருக்கல் பிழைச்சிருக்கு, அப்ப E-யைப் பார். E4-இல "52kg" எண்டு அடிச்சுக் கிடக்கு. தம்பி ஒரு நாள் வரேல்லையாம், வேற ஒராள் ஏத்தினவராம். அந்தாளுக்கு கிலோ எண்டு எழுதாட்டி மனம் ஆறாது போல.

(வேற ஒரு நிரையில "1 அந்தர்" எண்டும் கிடந்தது. தோட்டக்காரர் அந்தர்க் கணக்கிலதான் கதைக்கிறவை, எழுதினவர் அப்பிடியே எழுதிப்போட்டார். அதுக்கும் 0.)

பாருங்கோ, ரெண்டு எரரும் எந்த நிரலில போய்ப் பாக்கோணும் எண்டு வடிவாச் சொல்லியிருக்கும். சொல்லவிடேல்லை.

தோட்டத்தில தண்ணி இறைக்கேக்க மோட்டர் அடிக்கடி ட்ரிப் ஆகுது எண்டு, ட்ரிப் சுவிட்சைக் கழட்டிப்போட்டு நேரா வயர் குடுக்கிற ஆக்களைக் கண்டிருப்பியள். மோட்டர் ஓடும். கொயில் எரியிற வரைக்கும் ஓடும்.

தம்பியிட்டக் கேட்டன், ஏன் எல்லா இடத்திலயும் IFERROR போட்டனீர் எண்டு.

"அண்ணை, `#N/A` கண்டா சனம் கணக்கு முழுக்கப் பிழை எண்டு நினைக்குது. கூட்டுத்தொகையும் வராது. ஒரு செல் பிழைச்சா அடியில எல்லாம் `#N/A` தான்."

நியாயமான பதில்தான். ஆனா அந்தக் கடைசி வசனத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ. ஒரு சாக்கின்ர தொகை தெரியேல்லை எண்டா மொத்தத் தொகையும் தெரியாதுதானே? SUM அதைத்தான் சொல்லுது. "எனக்குத் தெரியாது" எண்டு நேர்மையாச் சொல்லுற ஒரு ஃபங்ஷனைப் பிடிச்சு, 38,400 எண்டு உறுதியாச் சொல்ல வைச்சிருக்கிறம். 0 எண்டது "தெரியாது" எண்ட பதில் இல்லை. "ஆச்சி ஒண்டும் தரேல்லை" எண்ட பதில்.

இந்த இடத்தில கனபேர் சொல்லுவினம், "அப்ப 0-க்குப் பதிலா வெறுமையா விடுவம்" எண்டு. `""` போடுறது. 0-ஐ விட அது நல்லது எண்டு ஒரு எண்ணம். எனக்கு அது 0-ஐ விடப் பயம்.

அதே அஞ்சு நிரையை எடுங்கோ. ஒரு சாக்குக்குச் சராசரியா எவ்வளவு எண்டு AVERAGE போட்டுப் பாத்தன். 0 இருக்கேக்க 7,680 வருது. கொஞ்சம் அனுபவம் உள்ள ஆள் "என்னடா இவ்வளவு குறைவா" எண்டு நிமிர்ந்து பாப்பார். `""` போட்டா, AVERAGE அந்த ரெண்டு செல்லையும் எண்ணாது, மூண்டால பிரிக்கும்: 12,800. உண்மையான சராசரி 13,200. ரெண்டும் கிட்டக் கிட்ட நிக்குது! ஒருத்தருக்கும் சந்தேகம் வராது. கூட்டுத்தொகையோ அதே 38,400 தான், 27,600 இன்னும் இல்லை.

இதைவிட மோசம் ஒண்டு இருக்கு. 10,000 ரூபாவுக்கு மேல வாற நிரைக்கு ஏத்துக்கூலி 500 குடுக்கிறதெண்டு ஒரு ஏற்பாடு. ஃபோர்முலா சின்னது:

```
=IF(G3>10000,500,0)
```

தொகை நிக்கிற G3 வெறுமையா இருக்கெண்டு வைப்பம், அதாவது IFERROR குடுத்த `""`. என்ன வரும்? 0 எண்டுதானே நினைக்கிறியள்?

500 வரும்.

எக்ஸலுக்கு `""` எண்டது வெறுமை இல்லை. நீளம் பூச்சியமான ஒரு எழுத்து. எழுத்தையும் இலக்கத்தையும் ஒப்பிடச் சொன்னா, எழுத்துத்தான் எப்பவும் பெரிசு எண்டு எக்ஸல் எடுக்கும். ஆக, வெங்காயக் காசு இல்லை, ஏத்துக்கூலி மட்டும் 500 போகும். நம்பேல்லை எண்டா இப்பவே ஒரு செல்லில `="" > 10000` எண்டு அடிச்சுப் பாருங்கோ, TRUE எண்டு சொல்லும்.

இனி வங்கிக் கணக்கு இலக்கம் எடுக்கிற இடம். இது எங்கட ஊருக்கெண்டே அளவெடுத்துத் தைச்ச பிரச்சினை.

அங்கத்தவர் பட்டியலை ஆரோ முந்தி அடிச்சு வைச்சிருக்கினம், பாமினி எழுத்துருவில. புதுசாச் சேர்ந்த ஆக்களை தம்பி யுனிகோட்டில அடிச்சிருக்கிறார். திரையில ரெண்டும் அச்சொட்டா ஒண்டு. ஆனா பாமினியில "அம்மா" எண்டு தெரியிறது உள்ளுக்க `mk;kh` எண்ட ஆங்கில எழுத்துகள். யுனிகோட்டில தெரியிற அம்மாதான் உண்மையான தமிழ் எழுத்து. பேரை வைச்சு VLOOKUP தேடினா இந்த ரெண்டு அம்மாவும் ஒரு நாளும் சந்திக்காது. `#N/A` வரோணும். அதை IFERROR வெறுமையாக்கிப்போட்டுது. வங்கிக்குப் போற பட்டியலில கணக்கு இலக்கம் இல்லை எண்டா, அந்த நிரையை விட்டிட்டு மற்ற ஆக்களுக்குப் போடுவினம். காசு போகாத ஆள், "இந்த முறை பிந்துது போல" எண்டு பேசாமல் இருப்பார். எங்கட சனத்துக்குக் காசைப் பற்றி ரெண்டாம் தரம் கேக்கிறதுக்குக் கூச்சம். ஆச்சி மாதிரித் துண்டோட வாற ஆக்கள் குறைவு.

பேர் பொருந்தேல்லை எண்டு எக்ஸல் முதல் நாளே சொல்லியிருக்கும். கிழமைக் கணக்கில அமசடக்கமாக் கிடந்தது.

இப்பிடிச் சத்தமில்லாமல் தொலையிறது எங்கட ஊரில மட்டும் நடக்கிறது இல்லை. 2020-இல இங்கிலாந்தில கொரோனாப் பரிசோதனை முடிவுகளைச் சேர்த்த பொதுச் சுகாதார அமைப்பு, பழைய XLS வகைக் கோப்பைப் பாவிச்சது. அதில ஒரு ஷீட்டுக்கு 65,536 நிரைதான் கொள்ளும். மிச்சம் உள்ள வரேல்லை. செப்டம்பர் 25 தொடக்கம் ஒக்டோபர் 2 வரைக்கும் 15,841 தொற்றாளர்கள் நாளாந்த எண்ணிக்கையில இருந்து விடுபட்டினம். அவையோட பழகின ஆக்களைத் தேடிப் பிடிக்கிற வேலையும் பிந்திப் போச்சுது. அது IFERROR செய்த வேலை இல்லைத்தான். ஆனா வந்த எண்ணிக்கை நம்பக்கூடிய எண்ணிக்கையா இருந்தபடியால ஒருத்தரும் நிண்டு கேக்கேல்லை, அது ரெண்டுக்கும் பொது.

சரி, ஷீட்டை எப்பிடி மாத்தினம்?

முதல் வேலை, ஒரே செல்லுக்குள்ள ரெண்டு அலுவல் செய்யிறதை நிப்பாட்டினது. விலை தேடுறது ஒரு நிரல், பெருக்கிறது ஒரு நிரல்:

```
F2:  =VLOOKUP(D2,Vilai!$A$2:$B$4,2,FALSE)
G2:  =E2*F2
```

இப்ப F-இல `#N/A` எண்டா தரம் பிழை. F சரியா இருந்து G-இல `#VALUE!` எண்டா கிலோ பிழை. படிச்சாப் போதும், துப்பறியத் தேவையில்லை. (அந்த FALSE-ஐ விட்டிடாதேங்கோ. அதை எழுதாட்டி VLOOKUP கிட்டடியில இருக்கிறதை எடுத்து வரும். கன நேரம் எரர் வராமலே பிழையான விலை வரும்.)

மேல முதல் நிரையில, பெரிய எழுத்தில, இப்பிடி ஒண்டு:

```
=COUNTA(B2:B6)-COUNT(G2:G6)
```

B நிரலில அங்கத்துவ இலக்கம். எத்தினை நிரை ஏத்தியிருக்கு எண்டதை COUNTA எண்ணும். எத்தினை நிரைக்குத் தொகை இலக்கமா வந்திருக்கு எண்டதை COUNT எண்ணும், எரரை எண்ணாது. எங்கட உதாரணத்தில 5-இல 3 போக 2. இது 0 ஆகிற வரைக்கும் வங்கிப் பட்டியல் எடுக்கிறதில்லை எண்டு தம்பியோட பேச்சு. கவனியுங்கோ, பழைய IFERROR 0 போட்டுக்கொண்டு இருந்தா இந்தச் சோதனையும் ஏமாந்திடும். 0-உம் இலக்கம்தானே. மூடியைக் கழட்டினால்தான் இது வேலை செய்யும்.

அப்ப எரரை ஒரு நாளும் பிடிக்கக் கூடாதோ? பிடிக்கலாம், ஆனா எது வரும் எண்டு தெரிஞ்சு அதை மட்டும் பிடிக்கோணும். எங்கட இடத்தில சில நேரம் அங்கத்தவர் இல்லாத ஆக்களும் சாக்குக் கொண்டு வருவினம், அவைக்குக் கையில காசு. அங்கத்தவர் பட்டியலில தேடினா அவையளைக் காணாது, அது பிழை இல்லை. அதுக்கு IFNA:

```
=IFNA(VLOOKUP(B2,Angaththavar!$A$2:$C$90,3,FALSE),"கைக்காசு")
```

(பேரால தேடுறதை விட்டு அங்கத்துவ இலக்கத்தால தேடுறம் இப்ப. பாமினிச் சண்டை அதோட முடிஞ்சுது.)

IFNA எண்டது எக்ஸல் 2013-இல வந்தது, `#N/A`-வை மட்டும் பிடிக்கும். IFERROR அதுக்கு முன்னமே 2007-இல வந்திட்டுது, அதாலதான் எல்லாருக்கும் பழக்கம். வித்தியாசம் என்னெண்டா: ஆரோ ஒராள் தெரியாமல் அங்கத்தவர் ஷீட்டில வங்கிக் கணக்கு இருக்கிற C நிரலை அழிச்சுப்போட்டார் எண்டு வைப்பம். ரெண்டு நிரலே மிஞ்சின இடத்தில மூண்டாவதைக் கேட்டா `#REF!` வரும். IFNA அதைத் தொடாது, நிரல் முழுக்க `#REF!` கத்தும். IFERROR போட்டிருந்தா? அவ்வளவு அங்கத்தவரும் "கைக்காசு" ஆகியிருப்பினம். அந்தச் சொல் எவ்வளவு நம்பக்கூடிய சொல் எண்டு பாருங்கோ. ஒரு நிரலை அழிச்ச பிழை, ஊரில எல்லாரும் அங்கத்துவத்தை விட்டிட்டினம் எண்ட செய்தியா வந்து நிக்கும்.

பூச்சியத்தால பிரிக்கிற இடத்துக்கும் இதே கதை. வெங்காயம் வராத நாளில ஒரு கிலோவின்ர சராசரி விலை கேட்டா `#DIV/0!` வரும். `=IF(E9=0,"",G9/E9)` எண்டு நேராக் கேளுங்கோ. இன்ன காரணத்துக்குத்தான் வெறுமை எண்டு ஃபோர்முலாவிலயே எழுதிக் கிடக்கும். வேற எரர் வந்தா அது தப்பி வெளியில தெரியும்.

தம்பிக்கு இன்னும் ஒரு கவலை மிச்சம். "கூட்டத்தில பிரிண்ட் எடுத்துக் குடுக்கேக்க `#N/A` இருந்தா அசிங்கம் அண்ணை."

அதுக்கு ஃபோர்முலாவைத் தொடத் தேவையில்லை. எக்ஸலில Page Setup, அதில Sheet எண்ட பக்கம், அங்க Cell errors as எண்டு ஒரு பெட்டி இருக்கு. `<blank>` அல்லது `--` தெரிவு செய்தா, தாளில எரர் தெரியாது, கோப்பில அப்பிடியே இருக்கும். நான் `--` தான் போடச் சொன்னன். வெறுமையா விட்டா கூட்டத்தில ஒருத்தரும் கேக்க மாட்டினம். கோடு ஒண்டு கிடந்தா "இதென்ன தம்பி, எனக்கு மட்டும் கோடு?" எண்டு ஆரும் கேப்பினம். கேக்கோணும்.

பிழை உள்ள வாற வாசலிலயும் ஒரு வேலை செய்தம். D நிரலுக்கு Data Validation-இல List வைச்சு A, B, C மட்டும். E நிரலுக்கு Decimal, 1-க்கும் 100-க்கும் இடையில. "52kg" அடிச்சா எக்ஸல் இனி ஏத்துக்கொள்ளாது. ஆனா இது கையால அடிக்கிறதைத்தான் மறிக்கும். வேற இடத்தில இருந்து கொப்பி பண்ணி ஒட்டினா, தடை இல்லாமல் உள்ள போயிடும். வட்ஸ்அப்பில வாற பட்டியலை ஒட்டுற பழக்கம் எங்கட ஆக்களுக்கு நிறைய. அதால மேல சொன்ன COUNTA சோதனையைக் கழட்டேல்லை.

உங்களிட்டப் பழைய ஷீட் இருந்தா Ctrl+F அடிச்சு, Look in எண்டதை Formulas ஆக்கி, IFERROR எண்டு தேடுங்கோ. Find All குடுத்தா எல்லாச் செல்லையும் வரிசையாக் காட்டும். ஒரேயடியா எல்லாத்தையும் அழிக்க வேண்டாம். கோப்பைக் கொப்பி எடுத்து, பக்கத்து நிரலில அதே ஃபோர்முலாவை IFERROR இல்லாமல் எழுதி இழுத்துப் பாருங்கோ. அங்க எரர் காட்டுற நிரைதான் இவ்வளவு நாளும் பொய் சொன்ன நிரை. நாங்கள் இப்பிடித்தான் பழைய கிழமைகளுக்குப் போய்ப் பாத்தம். ஆச்சிக்கு மட்டும் இல்லை, இன்னும் சில பேருக்கும் காசு நிலுவை இருந்தது. ரெண்டு பேர் கேட்டே இருக்கேல்லை.

ஒண்டு மட்டும் எக்ஸல் எவ்வளவு கத்தினாலும் தெரியாது. B தரத்தை A எண்டு மாறி அடிச்சா, 52-ஐ 25 எண்டு அடிச்சா, அது எரர் இல்லை, சரியான இலக்கம். அதுக்கு நிறுக்கிற இடத்துக் கொப்பியில அண்டண்டைக்கு மொத்தக் கிலோவைத் தரம் தரமாக் கூட்டி எழுதி, E நிரலில ஒவ்வொரு தரத்தின்ர கூட்டுத்தொகையோடயும் பொருத்திப் பாக்கோணும். தம்பி இப்ப பின்னேரத்தில அதைச் செய்யிறார். கொப்பியில கூட்டிறது ஆச்சியின்ர பேத்தி, ஏஎல் படிக்கிற பிள்ளை. ரெண்டு பேரின்ர மொத்தமும் ஒத்து வந்தால்தான் ஷீட்டை மூடுறது.